தானியங்கி நிரல் ஓடும்போது கேப்ட்சா வந்து மறித்தால்: அறிகுறியிலிருந்து தீர்வுக்கு

பாம்பனிலிருந்து வடகடலுக்கும் தென்கடலுக்கும் போகும் நாட்டுப்படகுக்காரர்கள் சிலருக்காக, அதிகாலை மூன்றரை மணிக்கு அலை உயரத்தையும் காற்றின் வேகத்தையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தரும் சிறிய நிரல் ஒன்றைச் சில ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அந்த நிரல் நின்றுபோன நாள்களைக் கணக்கிட்டால், மின்வெட்டால் நின்றதைவிட, 'நீங்கள் மனிதர்தானா?' என்று கேட்கும் கேப்ட்சா கட்டத்தால் நின்றதே அதிகம். ஒவ்வொரு முறையும் தேடித் தேடிச் சரிசெய்ததை, அடுத்த முறை எனக்கும் என்னைப் போன்ற பிறருக்கும் பயன்படும் என்பதற்காக, கண்ணில் படும் அறிகுறியின்படி பிரித்து இங்கே எழுதி வைக்கிறேன். செலவில்லாத காரணங்கள் முதலிலும் செலவு வைக்கும் காரணங்கள் பின்னாலும் வருகின்றன.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டத்தை ஏமாற்றித் தாண்டும் வழி எதுவும் இதில் இல்லை. காசு வாங்கிக்கொண்டு கட்டத்தை நிரப்பித் தரும் சேவைகளையும், ஐபி முகவரியை நிமிடத்திற்கு ஒன்றாக மாற்றித் தரும் சேவைகளையும் நான் பயன்படுத்துவதில்லை. உரிமையாளரின் அனுமதியின்றித் தரவைப் பிரதி எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவுக்குள் வரக்கூடியது என்பது ஒரு காரணம். அப்படித் தாண்டிப் பெற்ற தரவு எந்த நாள் நின்றுபோகும் என்பதைச் சொல்ல முடியாது என்பது இன்னொரு காரணம். படகில் ஏறப்போகிறவருக்குத் தரும் தாளுக்கு இரண்டாவதே பெரிய குறை.

## அறிகுறி 1: நிரல் வெற்றி என்கிறது, ஆனால் எண்கள் வெறுமை அல்லது நேற்றைய எண்கள்

இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனெனில் பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரு நாள் காலையில் தாளை வாங்கிய ஒருவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நேத்துத் தாளையே இன்னைக்கும் குடுத்திருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கணினியில் பார்த்தால், அவர் சொன்னதே சரி. வழக்கமாக 48 கேபி இருக்கும் பக்கம் அன்று 6 கேபிதான் வந்திருந்தது. அதில் எண்ணே இல்லாததால் என் நிரல் சத்தமில்லாமல் பழைய கோப்பை எடுத்து அச்சிட்டிருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது வந்திருக்கும் கோப்பையே. உலாவியில் திறக்காமல், நிரல் ஓடும் அதே கணினியிலிருந்து பக்கத்தை ஒரே ஒரு முறை இறக்கி, தலைப்பு வரிகளைத் தனியாகச் சேமியுங்கள்:

```
curl -s -D head.txt -o page.html "பக்கத்தின்-முகவரி"
head -n 1 head.txt
grep -iE "retry-after|content-type|cf-mitigated" head.txt
grep -io "<title>[^<]*" page.html
```

நான்காவது வரியில் வானிலைப் பக்கத்தின் பெயருக்குப் பதிலாக `Just a moment...` என்று வந்தால், அது கிளவுட்ஃப்ளேர் என்னும் காவல் அடுக்கு காட்டும் இடைப்பக்கம். மூன்றாவது வரியில் `cf-mitigated: challenge` என்றும் இருந்தால் ஐயமே இல்லை. இரண்டாவது வரி காட்டும் எண்ணை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. 403 அல்லது 429 வந்தால் தடை என்று எளிதில் தெரியும். சில தளங்களோ 200 என்ற வெற்றி எண்ணுடனேயே கட்டத்தை அனுப்பிவிடும், என்னை ஏமாற்றியதும் அந்த வகைதான்.

எண் 200, பக்கத்தின் பெயரும் சரி, எண்கள் மட்டும் இல்லை என்றால் அது கேப்ட்சாவே அல்ல. தளத்தின் வடிவமைப்பு மாறியிருக்கும், அல்லது எண்களைப் பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் தனியாக நிரப்பிக்கொண்டிருக்கும். கட்டத்தைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

காரணம் எதுவானாலும் நிரலில் ஒரு காவலை அன்றே வைத்துவிட வேண்டும். இரண்டு நாள்களுக்கு மணிக்கு ஒன்றாக எண் வர வேண்டுமானால் 48 எண்கள் இருக்க வேண்டும்; 47 இருந்தாலும் நிரல் தாளை அச்சிடாமல் நின்று, 'இன்று தரவு இல்லை' என்ற ஒரு வரியை மட்டும் அச்சிட வேண்டும். வெறுந்தாளைப் பார்த்தவர் கடலைப் பார்த்து முடிவெடுப்பார். நேற்றைய தாளைப் பார்த்தவர் தாளை நம்பி முடிவெடுத்துவிடுவார்.

## அறிகுறி 2: முதல் சில பக்கங்கள் வருகின்றன, பிறகு கட்டம் வருகிறது

இது பெரும்பாலும் நாமே வரவழைத்துக்கொள்வது. என் கணக்கையே சொல்கிறேன். தொண்டி முதல் தனுஷ்கோடி வரை ஆறு இடங்களுக்கான பக்கங்களைப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு 36, ஒரு நாளைக்கு 864 கோரிக்கைகள். அந்தத் தளம் தன் முன்கணிப்பை நாளுக்கு நான்கே முறைதான் புதுப்பித்தது. எனக்கோ அதிகாலைத் தாளுக்கு ஒருமுறையும் மாலையில் வலை ஏற்றுவதற்கு முன் ஒருமுறையும் போதும். தேவை 12, கேட்டது 864. அந்தத் தளத்துக்காரர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் மறித்திருப்பேன்.

எண்ணிக்கையைக் குறைத்தும் கட்டம் வந்தால், தோல்விக்குப் பிறகு நிரல் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒருமுறை தவறினால் உடனே மறுபடி கேட்பது, அதுவும் தவறினால் மறுபடி கேட்பது என்று இருபது முறை சுற்றும் வளையத்தை நான் எழுதி வைத்திருந்தேன். முதல் தடையைச் சில நொடிகளுக்குள் நீண்ட தடையாக ஆக்கியது அந்த வளையம்தான். `Retry-After: 600` என்று தலைப்பு வரி சொன்னால் 600 நொடிகள், அதாவது பத்து நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்; அந்த வரியில் நொடிக்குப் பதிலாக ஒரு நாளும் நேரமும்கூட வரலாம். எதுவும் சொல்லப்படாவிட்டால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்று இரட்டித்துக்கொண்டே போய், நான்காவது முறையோடு விட்டுவிட வேண்டும்.

வளையத்தைத் திருத்தியும் வந்தால், குக்கியைப் பாருங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய அமர்வைத் திறக்கும் நிரல், ஒரே முகவரியிலிருந்து ஆறு நொடிகளில் ஆறு புது ஆள்கள் வந்ததுபோல் மறுபக்கத்தில் தெரியும். `curl` என்றால் `-b` மற்றும் `-c` தெரிவுகளால் ஒரே குக்கிக் கோப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். மாறாத பக்கத்தை மறுபடி இறக்காமல் இருக்க `-z page.html` என்று சேர்த்தால், தளம் அதை ஆதரிக்கும் பட்சத்தில், 304 என்ற சிறு பதிலோடு வேலை முடிந்துவிடும்.

அதற்கும் பிறகு வந்தால், தளத்தின் `robots.txt` கோப்பையும் பயன்பாட்டு விதிகளையும் படியுங்கள். இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் எடுக்கும் பாதை அங்கே `Disallow` என்று குறிக்கப்பட்டிருந்தால், இனிச் சரிசெய்ய எதுவுமில்லை. நேராகக் கீழே உள்ள 'திறந்த வாசல்' பகுதிக்குப் போங்கள்.

பெயரை மாற்றிப் பார்க்கலாமே என்று பலரும் சொல்வார்கள், அதாவது `python-requests` என்று அறிவிக்கும் நிரலை உலாவிபோல் அறிவிக்கச் செய்வது. நான் அதற்கு எதிர்த்திசையில் போனேன். நிரலுக்கு ஒரு பெயரும், தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சலும் நிரல் தன்னை அறிவிக்கும் `User-Agent` வரியிலேயே எழுதி வைத்தேன். மறிக்க விரும்புகிறவர் மறித்துக்கொள்ளலாம். பேச விரும்புகிறவருக்கு முகவரி இருக்கிறது.

## அறிகுறி 3: வீட்டில் ஓடுகிறது, வாடகைச் சேவையகத்தில் முதல் கோரிக்கையிலேயே கட்டம்

தாளை நேரம் தவறாமல் தர வேண்டும் என்பதற்காக நிரலை மேகக்கணினிச் சேவையகம் ஒன்றுக்கு மாற்றினேன். அன்றைக்கே கட்டம் வந்தது. ஒரே நிரல், ஒரே இடைவெளி, முகவரி மட்டும் வேறு. தரவுமையங்களின் ஐபி முகவரி வரிசைகள் எல்லோருக்கும் தெரிந்தவை, அங்கிருந்து மனிதர்கள் உட்கார்ந்து வானிலை படிப்பதில்லை என்பதால் காவல் அடுக்குகள் அவற்றை முதலிலேயே ஐயத்தோடு பார்க்கின்றன. உங்களுக்கு முன் அதே முகவரியை வைத்திருந்தவர் செய்த வேலையும் உங்கள் கணக்கில் சேரும்.

இரண்டு இடங்களிலிருந்தும் மேலே கொடுத்த கட்டளைகளை ஒருமுறை ஓட்டி ஒப்பிட்டால் போதும். வீட்டில் சரி, சேவையகத்தில் தடை என்றால் காரணம் முகவரிதான். நிரலைக் குடைந்து பயனில்லை. இதற்குச் செலவில்லாத தீர்வு, வேலையைத் திரும்ப வீட்டுக் கணினிக்கே கொண்டுவருவது. செலவுள்ள தீர்வு, நிலையான ஐபி முகவரி ஒன்றை வாங்கி, அதைத் தளத்துக்காரரிடம் தெரிவித்து அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்வது.

நிரல் சாதாரண இறக்கமாக இல்லாமல் திரையில் காட்டாமல் பின்னணியில் ஓடும் தலையில்லா உலாவியை ஓட்டுவதாக இருந்தால், இன்னொரு காரணமும் உண்டு. தானியங்கியால் ஓட்டப்படும் உலாவி `navigator.webdriver` என்ற இடத்தில் `true` என்று தானாகவே சொல்லிக்கொள்ளும். தளங்கள் அதைப் படிக்கும். உலாவி உண்மையைத்தான் சொல்கிறது என்பதால் இதைப் பழுது என்று நான் எண்ணுவதில்லை.

## அறிகுறி 4: நிரலை நிறுத்திவிட்டுக் கையால் திறந்தாலும் கட்டம்

இங்கே குற்றவாளி நிரலாக இல்லாமல் இணைப்பாக இருக்கலாம். விபிஎன் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி திறங்கள். அதன்பின் கைப்பேசி வழியாக இணைப்பைப் பெறுகிறீர்களா என்று பாருங்கள். கைப்பேசி நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கின்றன. முன்பின் அறியாத ஒருவர் செய்த தொல்லைக்கு உங்களுக்குக் கட்டம் வரலாம். ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்கள் அப்படிப்பட்ட கூட்டு முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள்.

கம்பிவழி இணைப்பு, சொந்தப் பொது முகவரி, விபிஎன் இல்லை, நிரலும் ஒரு நாள் முழுவதும் ஓடவில்லை, அப்படியும் பல தளங்களில் கட்டம் வருகிறது என்றால், உங்கள் வலையமைப்பில் உள்ள ஏதோ ஒரு சாதனம் உங்களுக்குத் தெரியாமல் வெளியே கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டிருக்கலாம். சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பழைய கண்காணிப்புக் கேமராவும், எங்கிருந்தோ இறக்கிய இலவசச் செயலி உள்ள தொலைக்காட்சிப் பெட்டியும் முதலில் கழற்ற வேண்டியவை. அதிலும் பிடிபடாவிட்டால் வலையமைப்பு தெரிந்த தொழில்நுட்பரை அழைக்க வேண்டிய இடம் இது.

## அறிகுறி 5: எப்போது, எங்கிருந்து, யார் திறந்தாலும் கட்டம்

எழுத்துகளைச் சிதைத்துக் காட்டி ஒவ்வொரு தேடலுக்கும் முன்னால் நிரப்பச் சொல்லும் பக்கங்கள் இவை; அரசுப் பதிவேடுகளைத் தேடும் பக்கங்கள் பலவற்றில் பார்த்திருப்பீர்கள். இதில் பழுது எதுவுமில்லை. 'ஒவ்வொன்றாக, மனிதர் கேட்டால் மட்டும் தருவேன்' என்று உரிமையாளர் எழுதி வைத்த பலகை அது. சோதனைகளில் நேரத்தை வீணாக்காமல், அதே தரவு வேறு வாசலில் திறந்து கிடக்கிறதா என்று தேடுவதே செய்ய வேண்டியது.

## திறந்த வாசல்: என் தாள் இப்போது எங்கிருந்து வருகிறது

அலை உயரத்திற்கு நான் இப்போது ஓப்பன்-மீட்டியோ என்னும் வானிலைச் சேவையின் கடல்சார் ஏபிஐயைப் பயன்படுத்துகிறேன். வணிகம் சாராத பயன்பாட்டுக்குப் பதிவோ சாவியோ தேவையில்லை. நாளுக்குப் பத்தாயிரம் கோரிக்கைகளுக்குள் இருக்க வேண்டும், தரவின் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். தாளுக்குக் காசு வாங்கத் தொடங்கினால் கட்டணத் திட்டத்திற்கு மாற வேண்டும், நான் வாங்குவதில்லை. வடகடலில் ஒரு புள்ளி, தென்கடலில் ஒரு புள்ளி, இரண்டும் ஒரே கோரிக்கையில்:

```
curl -s -o alai.json "https://marine-api.open-meteo.com/v1/marine?latitude=9.45,9.05&longitude=79.20,79.20&hourly=wave_height&forecast_days=2&timezone=Asia/Kolkata"
```

இதில் இரண்டு இடங்களில் நான் தடுக்கி விழுந்தேன். முதலாவது நேரம். `timezone` பகுதியை விட்டுவிட்டால் நேரம் கிரீன்விச் கணக்கில் வரும். என் முதல் தாளில் நான்கு மணி என்று அச்சிட்டிருந்த அலை உண்மையில் நம் நேரம் ஒன்பதரை மணிக்கானது. எண்கள் எல்லாம் நம்பும்படியாகவே இருந்ததால், ஐந்தரை மணி நேர வழுவலைக் கண்டுபிடிக்க மூன்று நாள்கள் ஆயின. காலையில் கரையில் நின்று பார்த்த கடலுக்கும் தாளுக்கும் ஒத்துவரவில்லை என்பதே துப்பு.

இரண்டாவது இடம். இந்தச் சேவை நாம் கேட்ட புள்ளிக்குச் சரியாகப் பதில் தருவதில்லை. கடலைச் சதுரங்களாகப் பிரித்த தன் கணக்கில் அருகில் உள்ள கடல் சதுரத்தைத் தேர்ந்து, அந்தச் சதுரத்தின் இடத்தைப் பதிலிலேயே `latitude`, `longitude` என்று எழுதித் தருகிறது. பாம்பன் தீவோ ஒடுங்கிய நிலம். கரையை ஒட்டிப் புள்ளி வைத்தால், வடகடலுக்குக் கேட்டது தென்கடல் சதுரத்திற்குத் தாவிவிட இடமுண்டு. சோழகக் காற்றுக் காலத்தில் இரண்டு கடலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆகவே புள்ளியைக் கரையிலிருந்து தள்ளி வையுங்கள், பதிலில் வந்த இடத்தை ஒருமுறை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கரையோரத்தில் துல்லியம் குறைவு, படகு செலுத்த இதை நம்பக் கூடாது என்று அந்தச் சேவையே எச்சரிக்கிறது. அந்த வரியை என் தாளின் அடியிலும் அச்சிடுகிறேன். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் அன்று தாளே கிடையாது.

மீன் கிடைக்கும் பகுதி பற்றிய அறிவிப்பை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடுகிறது. இறங்குதளத்திலிருந்து திசை, தொலைவு, ஆழம் என்ற வடிவில் வரும். அதைச் சுரண்டி எடுக்க நான் முயல்வதில்லை, பக்கத்தைக் கையால் திறந்து பார்த்து எழுதிக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஒருமுறை செய்யும் வேலைக்கு நிரல் எதற்கு? மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த அறிவிப்பு வராது என்பதால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வெறுமையான பக்கத்தைக் கண்டு பழுதென்று எண்ண வேண்டாம்.

காய்கறி, பருப்பு முதலியவற்றின் அன்றாடச் சந்தை விலைகளுக்கு மைய அரசின் திறந்த தரவுத் தளமான `data.gov.in` உள்ளது. பதிவு செய்தால் சொந்தச் சாவி கிடைக்கும். மாதிரிச் சாவியோடு ஓட்டினால் எவ்வளவு கேட்டாலும் பத்து வரிசைகள்தான் வரும்; ஆகவே பதிலில் சரியாகப் பத்தே வரிசைகள் இருந்தால், தளத்தைக் குறைசொல்லும் முன் சாவியைப் பாருங்கள். அதன்பின் `limit`, `offset` இரண்டையும் வைத்துப் பகுதி பகுதியாக எடுக்கலாம்.

## எழுதிக் கேட்க வேண்டிய இடம்

உங்களுக்கு வேண்டிய தரவு எந்தத் திறந்த வாசலிலும் இல்லை, தளமோ கட்டத்தால் மறிக்கிறது என்றால், இனி அது கணினி வேலை அல்ல. உரிமையாளருக்கு எழுதுங்கள். 'தரவு வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் பதில் வருவதில்லை. எந்தப் பக்கம், நாளுக்கு எத்தனை முறை, எந்த நேரத்தில், எந்த ஐபி முகவரியிலிருந்து, யாருக்காக, காசுக்கா இலவசமா என்று எழுதுங்கள். நான் எழுதிய கடிதத்தில் 'நாளுக்கு 12 கோரிக்கைகள், அதிகாலை 3 மணியும் மாலை 4 மணியும்' என்றிருந்தது. 'பக்கத்தைத் திறந்துவிட முடியாது, நாளுக்கு இருமுறை ஒரு சிறு கோப்பாக வைக்கிறோம், அதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பதில் வந்தது; எனக்கு வேண்டியதும் அதுவே.

தரவு அரசு அலுவலகம் ஒன்றிடம் இருந்து, கடிதத்திற்கும் பதில் இல்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. மைய அரசு அலுவலகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கான காலம் 30 நாள்கள். கணினியில் உள்ள தகவலை மின்னணு வடிவிலேயே கேட்கலாம் என்று சட்டத்தின் 2(j) பிரிவு அனுமதிக்கிறது. தினமும் மாறும் அலைக்கு இது உதவாது. கடந்த ஆண்டுகளின் மீன் இறக்கக் கணக்கு போன்ற நின்ற தரவுக்கு நன்றாகவே பொருந்தும். விண்ணப்பத்தில் 'விரிதாள் கோப்பாக' என்று குறிப்பிட மறந்தால், அச்சிட்டு வருடிய தாள்கள் வந்து சேரும்; பிறகு அவற்றை உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

பதில் வரும்வரை அந்தப் பக்கத்திற்கான அட்டவணை வரியை `crontab` கோப்பில் முன்னால் ஒரு `#` இட்டு நிறுத்தி வையுங்கள். தோல்வியுற்றுக்கொண்டே ஓடும் நிரல் ஒவ்வொரு இரவும் உங்கள் முகவரியின் மேல் இன்னொரு கரும்புள்ளியை வைக்கிறது, நீங்கள் அனுமதி கேட்டு எழுதியிருப்பதும் அதே முகவரிக்குத்தான்.